என் கட்டைவிரல் நிறுத்தப் பார்த்த கல்யாணம்

மொழி தெரிந்தவன் என்று ஊரில் பெயர் எடுப்பதைப் போல வில்லங்கமான காரியம் வேறில்லை. நான் மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவேன், தமிழில் வருவதைச் சிங்களமாக்குவேன், மேலிடத்தில் கேட்டால் இரண்டையும் ஆங்கிலமாக்குவேன். பலாபத்வலையில் எங்கள் வீட்டுப் பக்கம் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். இதனால் எனக்குத் தலையில் ஒரு சின்னக் கொம்பு முளைத்திருந்தது. அந்தக் கொம்பை போனில் இருக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சிப் படம் எப்படி ஒடித்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்ட எல்லாரும் இப்போது நலமாக இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதவும் முடிகிறது.

என் தம்பி கஜன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். அதே ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்த மேய் என்ற சீனத்துப் பெண்ணை விரும்பினான். மேயின் பெற்றோர் சீனாவின் நடுப்பகுதியில், நாங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பட்டணத்தில் இருந்தார்கள். ஒரே பிள்ளை. எங்கேயோ ஒரு தீவில், மலைக்கு நடுவே, முகம் தெரியாத குடும்பத்துக்குப் பிள்ளையைக் கொடுக்க அவர்கள் லேசில் சம்மதிப்பார்களா? பல மாதம் பேசி, கடைசியில், "நாங்கள் வந்து பார்க்கிறோம், கல்யாணத்தில் நிற்கிறோம்" என்று இறங்கி வந்தார்கள். மேய் கஜனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் வந்து நின்றால்தான் தாலி, வராவிட்டால் கல்யாணம் இல்லை.

எங்கள் அம்மாவுக்கு மருமகள் எந்த நாடு என்பது பிரச்சினையாக இருக்கவில்லை. "வாறவ சோறு சாப்பிடுவாளா?" என்று கேட்டார். சாப்பிடுவாள் என்றதும் சரி என்றுவிட்டார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கல்யாணம், பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவாகி, அழைப்பிதழும் அடித்து, பலாபத்வலை முழுக்கக் கொடுத்தாயிற்று. பெண் வீட்டாரை வரவழைக்கும் பொறுப்பு மட்டும் பாக்கி. கஜனுக்கும் மேய்க்கும் இரவு பகல் பாராத வேலை நேரம். அதனால் கஜன் என்னிடம் சொன்னான்:

"அண்ணா, அவங்க வீட்டுப் பக்கம் எல்லாத்தையும் பார்க்கிறது யுன்தான். மேயோட பெரியம்மா மகள். அவ கூட நீங்களே பேசிக்குங்க. உங்களுக்குத்தான் பாஷை தண்ணி பட்ட பாடாச்சே."

(அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கொஞ்சம் பயந்தாவது இருந்திருப்பேன்.)

சீனாவில் நாம் இங்கே பாவிக்கும் அரட்டைச் செயலி ஓடாது. அவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. அதை என் போனில் இறக்கினேன். யுன், மேயின் அம்மா, நான் என்று மூன்று பேருக்கு ஒரு குழு. நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அது சீனமாகிவிடும். அவர்கள் எழுதுவதை நான் அழுத்திப் பிடித்தால் ஆங்கிலமாகிவிடும். என் தொழிலையே ஒரு பொத்தான் செய்கிறதே என்று சற்று வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொத்தான் சொற்களை மட்டும்தான் மாற்றும், நடுவில் போடும் படங்களையும் குறிகளையும் அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. படத்துக்கு எதற்கு மொழிபெயர்ப்பு, சிரிப்பு என்றால் உலகம் முழுக்கச் சிரிப்புத்தானே என்று இருந்துவிட்டேன்.

யுன்னின் முதல் செய்தி மிகவும் அன்பாக இருந்தது. இரண்டு வசனத்துக்கு ஒரு முறை, கடைசியில் நெளிந்த கோடு ஒன்று போட்டிருந்தாள், புழு ஊர்வது போல. (அது குரலை இழுத்து, குழைத்துப் பேசுவதைக் காட்ட அங்கே இளம் பிள்ளைகள் போடும் குறி என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது நான், பாவம், போன் பழுது போல என்று நினைத்தேன்.)

நான் என் முழுத் திறமையையும் காட்டிப் பதில் எழுதினேன். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். செயலியில் இருந்த படங்களில் கையை ஆட்டும் மஞ்சள் முகம் ஒன்று இருந்தது. ரோட்டில் தெரிந்தவரைக் கண்டால் நாமும் கையைத் தூக்குகிறோமே, அதைப் போட்டேன். பிறகு, நம் ஊரில் ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் எப்படி அழைப்போம்? "வந்தால் நல்லது" என்றா சொல்வோம்? கட்டாயம் வரணும், குடும்பத்தோட வரணும், வராட்டி எங்களுக்குக் கோபம் வரும் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தால்தான் மரியாதை. அப்படியே எழுதினேன். "நீங்கள் கட்டாயம் வர வேண்டும்!!! அப்பா அம்மா இருவரும் வர வேண்டும்!!! வராவிட்டால் நாங்கள் கோபித்துக்கொள்வோம்!!!" ஒரு ஆச்சரியக்குறி போட்டால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று மூன்று மூன்றாகப் போட்டேன். கடைசியில், கோபம் விளையாட்டுக்குத்தான் என்று புரிய, படங்களின் முதல் வரிசையில் முதலாவதாக இருந்த லேசான சிரிப்பு முகத்தை வைத்தேன்.

அனுப்பிவிட்டு மனைவி நிர்மலாவிடம் போனை நீட்டினேன்.

"பாருங்க, எவ்வளவு அன்பா எழுதியிருக்கேன்."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இந்த மூஞ்சி என்னங்க, வாய் மட்டும் சிரிக்குது, கண்ணு கீழ பாக்குது?"

"அது அடக்கமான சிரிப்பு. சீனாக்காரங்க அப்படித்தான் சிரிப்பாங்க."

சீனாக்காரர்களை நான் அதுவரை கண்டது மாத்தளை நகரில் போன் திருத்துகிற கடைக்கு வந்த ஒருவரைத்தான், அவரும் சிரிக்கவில்லை.

இப்படியே நாட்கள் போயின. விமான நிலையத்திலிருந்து வேன், தங்குவதற்கு அறை, உறைப்பில்லாத கறி என்று யுன் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, ஒவ்வொரு பதிலின் வாலிலும் அந்தச் சிரிப்பு முகத்தைக் கட்டி அனுப்பினேன். பேச்சு முடிந்து போகும்போதும் சிரிப்பு. "வேனில் குளிரூட்டி இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது" என்று எழுதிச் சிரிப்பு. "மழை வருமா?" என்றால், "வரலாம்" என்று எழுதிச் சிரிப்பு.

அவளுடைய செய்திகள் மெல்ல மெல்லச் சுருங்கின. முதலில் நெளிகோடுகள் போயின. பிறகு நீண்ட பதில்கள் போய், "சரி" என்று வந்தது. பிறகு "ம்" என்று ஒற்றை எழுத்து வந்தது. நான் அதையும் நிர்மலாவுக்குக் காட்டினேன். "பாருங்க, ஆரம்பத்தில கொஞ்சம் பயந்து பயந்து எழுதினா. இப்ப நம்மளோட சகஜமாயிட்டா. சொந்தக்காரங்க இப்படித்தானே 'ம்' போடுவாங்க" என்றேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாம் போலிருக்கிறது.

இதற்கிடையில் குழுவில் இருந்த மேயின் அம்மா ஒரு வார்த்தையும் எழுதமாட்டார். ஆனால் தினமும் காலையில் ஒரு சிவப்பு ரோஜாப்பூவும் ஒரு கோப்பைக் கோப்பியும் அனுப்புவார். முதல் நாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ரோஜா வந்து இறங்க, போன் நிர்மலாவின் கையில் இருந்தது.

"யாருங்க இது, காலங்காத்தால ரோசாப்பூ?"

"சம்பந்தியம்மா."

"சம்பந்தியம்மா எதுக்கு உங்களுக்கு ரோசாப்பூ அனுப்புறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? கோப்பியும் அனுப்பியிருக்காங்க."

"ஓ, கோப்பி குடிக்க வேற கூப்பிடுறாங்களா!"

எனக்கு வியர்த்துவிட்டது. நம் ஊரில் ரோஜாப்பூ அனுப்புவதென்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாவின் முகப்படத்தில் அவர் நீலக் கண்ணாடி போட்டு, ஒரு தாமரைக் குளத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அதுவும் எனக்குச் சாதகமாக இல்லை. நான் பதிலுக்குப் பூ அனுப்பினால் வீட்டில் சோறு கிடைக்காது, ஒன்றும் அனுப்பாவிட்டால் மரியாதை கெட்டுவிடும். யோசித்து, எந்த வம்புக்கும் போகாத கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் பதிலுக்கு மூன்று கட்டைவிரலும் அதே சிரிப்பு முகமும் அனுப்பினார். அதிலிருந்து எங்கள் காலை வணக்கம் அதுவாகிவிட்டது. அவர் ரோஜா, நான் கட்டைவிரல். நிர்மலா அந்த நேரம் பார்த்துச் சரியாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

கட்டைவிரலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது ஒரு வசதி. மேலதிகாரி செய்தி அனுப்புவார், நாங்கள் கட்டைவிரல் போடுவோம். "கிடைத்தது, பிறகு பார்க்கிறேன்" என்பதுதான் அதன் பொருள். ஒப்புக்கொண்டோம் என்பதில்லை. வாசித்தோம் என்பதுகூட இல்லை. எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சித்தப்பா, யார் செத்தாலும் கட்டைவிரல்தான் போடுவார். செத்தது நல்லது என்று அவர் சொல்வதாக இதுவரை யாரும் நினைத்ததில்லை. ஆனால் கனடாவில் பிறந்த என் அக்கா மகள் இருக்கிறாளே, அவளுக்குத் தப்பித்தவறி வெறும் கட்டைவிரல் போட்டால், "மாமா, என்மேல கோபமா?" என்று கேட்பாள். அங்கே பிள்ளைகளுக்கு அது முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரியாம். அப்போதாவது எனக்குச் சுரீரென்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வருகிறவர்களை ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் கூட்டிப் போகலாமா, பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவரப் போனேன். ரத்தோட்டையைத் தாண்டி மேலே ஏற ஏறப் பனிமூட்டம். முன்னால் போகும் வேனே தெரியவில்லை. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டு அட்டைகள் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் யுன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நீளமோ நீளம், விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. அழுத்திப் பிடித்தேன், மொழிமாற்றம் ஆகவில்லை. அதற்குச் சிக்னல் போதாது. நான் என்ன செய்தேன்? கிடைத்தது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்ற அர்த்தத்தில் கட்டைவிரலைப் போட்டேன். மொட்டையாக இருக்கிறதே என்று, பக்கத்தில் வழமையான சிரிப்பு முகத்தையும் வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். கிளம்புகிற நேரமாச்சே என்று கையாட்டும் முகத்தையும் வைத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து அட்டைக்கடிக்கு உப்பு வைத்து, குளித்து, சாப்பிட்டு, படுத்துவிட்டேன். மறுநாள் செயலியைத் திறந்தால், அந்த நீளச் செய்திக்குக் கீழே என் பதில் இருந்தது. பதில் போட்டாயிற்றே என்று மூடிவிட்டேன். அன்று காலை ரோஜா வரவில்லை. நிர்மலாவுக்குச் சந்தோஷம்.

மத்தியானம் அலுவலகத்தில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது கஜன் போனில் கோல் எடுத்தான். குரல் உடைந்திருந்தது.

"அண்ணா, அவங்கள வர வேணாம்னு நீங்களா சொன்னீங்க?"

"யாரை?"

"மேயோட அம்மா அப்பாவை. வர வேணாம்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு யுன் சொல்றா. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப் போறாங்களாம். மேய் காலையில இருந்து அழுதுகிட்டு இருக்கா."

பிரித்த பார்சலை அப்படியே மடித்து வைத்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்த நீளச் செய்தியை அப்போதுதான் முதன்முதலாக அழுத்திப் பிடித்தேன். பொத்தான் வேலை செய்தது. யுன் இப்படி எழுதியிருந்தாள்: அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, தரையில் நெடுநேரம் உட்கார முடியாது, உங்கள் சாப்பாடும் பழக்கம் இல்லை, எங்களால் உங்களுக்குச் சிரமம் என்று தோன்றுகிறது, உங்கள் பேச்சிலும் அது தெரிகிறது, ஆகவே பெரியவர்கள் வராமலே இருந்துவிடுவது உங்களுக்கு வசதியாக இருக்குமானால் தயங்காமல் சொல்லுங்கள்.

இதற்குத்தான் நான் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறேன். சிரித்திருக்கிறேன். கையையும் ஆட்டியிருக்கிறேன்.

சாயந்தரம் கஜனும் மேயும் வீடியோ கோல் எடுத்தார்கள். இந்தப் பக்கம் நான், நிர்மலா, அம்மா மூவரும் போனுக்கு முன்னால் குற்றவாளிகளைப் போல வரிசையாக உட்கார்ந்தோம். மேயின் கண் சிவந்திருந்தது. நான் அனுப்பிய செய்திகளை யுன்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அம்மாவுக்காகக் கஜன் தமிழில் சொன்னான்.

"அண்ணா, முதல் செய்தியிலேயே கை ஆட்டுற முகம் போட்டிருக்கீங்க. எங்க பக்கம் சின்ன வயசுக்காரங்களுக்கு அது போயிட்டு வான்னு அர்த்தம். சண்டை பிடிச்சா, இனி உன் சங்காத்தமே வேணாம்னு சொல்றதுக்கும் அதைத்தான் போடுவாங்க."

"வணக்கம்னு நெனச்சேன்மா."

"அப்புறம், 'வர வேண்டும்' மூணு ஆச்சரியக்குறி. 'கோபித்துக்கொள்வோம்' மூணு ஆச்சரியக்குறி. சீனத்தில அது அப்படியே கட்டளையா விழுந்திருக்கு. பொலிஸ்ல கூப்பிட்டு அதட்டுற மாதிரி இருக்கு."

அம்மா குறுக்கிட்டார். "கட்டாயம் வரணும்னு சொல்லாம வேற எப்படிக் கூப்பிடுறது? அவன் சரியாத்தானே கூப்பிட்டிருக்கான்?"

கஜன் அதை மொழிபெயர்த்தான். மேய்க்கு அழுகையின் நடுவே லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மெதுவான குரலில் கேட்டாள்.

"இந்தச் சிரிப்பு முகத்தை ஏன் அண்ணா எல்லாத்துக்கும் போட்டீங்க?"

"சிரிப்புத்தானேம்மா?"

"என் வயசுக்காரங்க யாரும் அதைச் சிரிப்பா பாக்க மாட்டாங்க. வாய் மட்டும் இளிக்குது, கண்ணு சிரிக்கல பாருங்க. உன்னைச் சகிச்சுக்கிறேன், உன்கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்லை, வாயை மூடுன்னு அர்த்தம். யுன் 'வேனில் குளிரூட்டி இருக்கா'ன்னு கேட்டிருக்கா. நீங்க 'இருக்கிறது' போட்டு இந்த மூஞ்சியைப் போட்டிருக்கீங்க. இதெல்லாம் ஒரு கேள்வியான்னு நீங்க கேக்கிற மாதிரி அவளுக்குப் பட்டிருக்கு. அதனாலதான் அவ 'ம்' போட ஆரம்பிச்சா. ஒத்தை 'ம்'னா எங்க பக்கம் கோபம்."

அந்த 'ம்' வந்தபோது நான் மகிழ்ந்தது ஞாபகம் வந்து, எனக்குப் பூமிக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. நிர்மலா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் எனக்குச் செய்த பெரிய உதவி.

"கடைசியா இந்தக் கட்டைவிரல்" என்றாள் மேய். "எங்களுக்கு அது நல்ல குறிதான். 'மிகவும் சரி, பாராட்டுகிறேன்'னு அர்த்தம். வராம இருக்கட்டுமான்னு அவ கேட்டா. நீங்க பாராட்டி இருக்கீங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு பாஷை படிச்ச மனுஷன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

நான் உடனே யுன்னுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதப் போனேன். கைகூப்பும் படம் போடலாமா, அழும் முகம் போடலாமா என்று கேட்டேன். மேயும் கஜனும் ஒரே குரலில், "ஒண்ணும் போடாதீங்க!" என்று கத்தினார்கள். அழும் முகத்தைச் சில ஊர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதற்குப் போடுவார்களாம். செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், எழுதுவதே வேண்டாம், எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவோம் என்று மேய் முடிவு செய்தாள்.

மறுநாள் அந்தக் கோல் நடந்தது. நான் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு மேசை, பழத்தட்டு, நடுவில் மேயின் அப்பா, அம்மா, ஓரமாக முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு யுன். மேய் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள், அம்மாவுக்கான தமிழைப் பக்கத்தில் இருந்த கஜன் பார்த்துக்கொண்டான். நான் எழுதி வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். ரிவர்ஸ்டன், பனிமூட்டம், சிக்னல், அட்டை எல்லாவற்றையும் சொல்லி, காலைத் தூக்கி அட்டைக்கடியையும் காட்டினேன். (நிர்மலா மேசைக்குக் கீழே என்னைக் கிள்ளினாள். சம்பந்தி வீட்டுக்குக் காலைத் தூக்கிக் காட்டிய ஒரே மாப்பிள்ளை வீட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன்.)

"அந்தச் சிரிப்பைச் சிரிப்பென்று நினைத்துத்தான் போட்டேன். சத்தியமாக" என்று முடித்தேன்.

மேய் அதை மாற்றிச் சொல்லி முடிக்கவில்லை, மேயின் அம்மா மேசையில் படாரென்று ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவர் திரும்பியது என் பக்கம் இல்லை, யுன் பக்கம். விரலை நீட்டி நீட்டி ஏதோ வேகமாகச் சொன்னார். யுன் முகம் சிவந்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மேய் அங்கே சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அம்மா பதறினார்.

மேய் மூச்சு வாங்கிச் சொன்னாள். "அம்மாவும் எல்லா மெசேஜுக்கும் இந்த முகத்தைத்தான் போடுவாங்க. அவங்க வயசுக்காரங்களுக்கு அது நெசமாவே சிரிப்பு. ரோசாப்பூவும் அப்படித்தான், நன்றின்னு அர்த்தம். பூவும் கோப்பியும் அவங்க பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அனுப்புவாங்க, டாக்டருக்கும் அனுப்புவாங்க. இந்த முகத்தை யாருக்கும் போடாதீங்க, தப்பா நினைப்பாங்கன்னு யுன் எப்பவும் அம்மாவைத் திட்டுவா. இவங்க, 'அந்தத் தம்பி சிரிக்கிறான், என்னோட ஒவ்வொரு பூவுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறான், நல்ல பிள்ளை, நீதான் வீம்புக்குக் கோபிக்கிறேன்னு எத்தனை தடவை சொன்னேன்'னு கேக்கிறாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி. உலகத்திலேயே என் செய்தியைச் சரியாக வாசித்த ஒரே ஆள், ஒரு வார்த்தையும் எழுதாத அந்த அம்மாதான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசியை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. நிர்மலாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ரோஜாவுக்குப் பொருள் நன்றிதான் என்று கேட்டதும் அவள் எழுந்து போய் எனக்கு ஒரு வடை கொண்டுவந்து வைத்தாள்.

யுன் கையை எடுத்துவிட்டு, மேயைக் கேட்காமல் நேராகவே ஆங்கிலத்தில், "மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா, நான் உங்கள் சிரிப்பை என் வயதில் வைத்துப் படித்துவிட்டேன்" என்றாள். பெரியம்மா மகளைக் கூடப்பிறந்தவளாகவே வைத்துக் கூப்பிடும் வழக்கம் அவர்களிடமும் இருக்கிறதாம், அதனால் மேய்க்கு அண்ணாவான நான் அவளுக்கும் அண்ணாவாம். நான் பதிலுக்கு, "நானும் உங்கள் 'ம்'மை என் வயதில் வைத்துப் படித்துவிட்டேன்" என்றேன். அவளுக்கு அது இன்னும் வெட்கமாகிவிட்டது.

அம்மா குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். மேயின் அப்பாவைப் பார்த்து, "ஐயா, முழங்காலுக்குக் கவலைப்படாதீங்க. கதிரை போடுவோம். எனக்கும் அதே வருத்தம்தான். நம்ம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல கதிரையில உக்காந்துக்குவோம்" என்றார். அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த அந்த மனிதர், மேய் சொன்னதைக் கேட்டு, யோசித்து, ஒரு பெரிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நிர்மலா மெல்ல, "மேய், இது எந்தக் கட்டைவிரல்?" என்று கேட்டாள்.

"நல்லது அண்ணி, நல்லது. வாறாங்க" என்று தமிழிலேயே சொன்னாள் மேய்.

வந்தார்கள். முத்துமாரியம்மன் கோயிலில், இரண்டு கதிரைகளில் முழங்கால்களை நீட்டியபடி அம்மாவும் அவரும் உட்கார்ந்திருக்க, கஜன் தாலி கட்டினான். சம்பந்தியம்மா சேலை கட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நேரிலேயே ஒரு பூவை நீட்டினார். நிர்மலாவுக்குத்தான் முதல் பூ. யுன் மண்டபத்தில் உறைப்புக் கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீரோடு என்னிடம் வந்து, "இது கோப அழுகை இல்லை" என்று விளக்கம் சொன்னாள். அன்றிரவு நான் தூங்கிய தூக்கம் போல அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

கல்யாணம் முடிந்ததும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய குழு தொடங்கினார்கள். அதில் எனக்கு மட்டும் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். படம் போடக் கூடாது. ஆச்சரியக்குறி போடக் கூடாது. எழுதுவதை எழுதி, ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டும். அமல்படுத்துகிறவள் நிர்மலா. நானும் ஒழுங்காக நடந்து வந்தேன்.

போன வருஷம் கஜனுக்கும் மேய்க்கும் பெண் குழந்தை பிறந்தது. குழுவில் பூக்கள், பலூன்கள், சிரிப்புகள், அழுகைகள் என்று கொட்டின. மாத்தளையிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆளாளுக்குக் குதித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூறு படம் போட வேண்டும் போலிருந்தது. சட்டம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு எழுதினேன்: "பெண் குழந்தை பிறந்த செய்தி கிடைத்தது. மகிழ்ச்சி. தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்."

பூக்களும் பலூன்களும் அத்தோடு நின்றுபோயின. கொஞ்ச நேரத்தில் யுன்னிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அழுத்திப் பிடித்தேன்.

"அண்ணா, பெண் குழந்தை பிறந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தை எங்கள் வீட்டில் இன்னமும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நான் சாப்பாட்டு மேசையில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், அம்மா நிர்மலாவைப் பார்த்து, "பிடிக்கலையாம்" என்பார். உடனே நிர்மலா என் பக்கம் திரும்பி, "பல்லு தெரியச் சிரிங்க, யுன் பயந்துக்கப் போறா" என்பாள். நான் சிரித்துவிடுகிறேன், கண்ணும் சேர்த்து.